கதவில் தொங்கிய குர்தா

அண்ணி மதுரையில் வீட்டிலிருந்தபடியே குர்தா விற்கிறார். ஜெய்ப்பூரிலிருந்து மூட்டையாகச் சரக்கு வரும். ஒவ்வொன்றையும் ஹேங்கரில் மாட்டி, மாடிக் கதவின் கொக்கியில் தொங்கவிட்டு, போனில் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் போடுவார். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "போட்டா எப்படி இருக்கும்க்கா?" கதவுக்குத் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. அண்ணி என்ன பதில் சொல்வார்?

போன தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒரு டிரெஸ் படத்தைக் கொடுத்தா, அதை வேற போட்டோல இருக்கிறவங்களுக்குப் போட்டுக் காட்டுதாமே. நம்ம பொண்ணு போட்டோல இதைப் போட்டுத் தாங்களேன்." அவர் அனுப்பியது ஒரு நீலக் குர்தா. உடல் முழுக்க ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் வெள்ளைப் புட்டாக்கள், மார்பில் ஐந்து மரப் பொத்தான்கள், முக்கால் கை, இரண்டு பக்கமும் சைடு ஓப்பன், அடியில் நான்கு விரல் அகலத்துக்கு பார்டர். கூடவே அண்ணன் மகளின் படம்: அரைக்கை டி-ஷர்ட், ஜீன்ஸ், முன்பக்கம் எடுத்துப் போட்ட பின்னல். அரை மணி நேர வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். மூன்று சாயங்காலம் போயிற்று.

கணினி அந்தக் குர்தாவைக் கத்தரித்து எடுத்துப் பெண்ணின் மேல் ஒட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒருகாலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தார்கள். 2017 கடைசியில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்திலிருந்து வந்த VITON என்ற ஆய்வு இந்தத் துறையில் பெயர் பெற்றது. அது துணியின் படத்தை ரப்பர் விரிப்பைப்போல இங்கே இழுத்து அங்கே வளைத்து உடம்பின் வடிவத்துக்குப் பொருத்தியது. பிறகு விளிம்புகளைச் சரிசெய்தது. படத்தின் அளவோ 192க்கு 256 பிக்சல், தபால்தலை மாதிரி. நேராக நின்றால் சுமாராக வரும். கையைக் கட்டிக்கொண்டு நின்றால் துணி எங்கே போவது என்று தெரியாமல் கசங்கிப்போகும்.

இப்போது வந்திருக்கும் முறையில் ஒட்டுவது என்பதே கிடையாது. கணினி அந்தக் குர்தாவைப் புதிதாக வரைகிறது. சென்னையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர்கள் ஸ்டில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்துப் பெரிய துணியில் வரைவார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். பெண்ணின் படத்தில் பழைய உடை இருக்கும் இடத்தை முதலில் அழிக்கிறது. அழித்த இடத்தில் வெறும் புள்ளிக் கூட்டத்தை நிரப்புகிறது, சிக்னல் போன பழைய டிவியில் வருமே, அதுமாதிரி. அடுத்து, கதவில் தொங்கும் குர்தாவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே அந்தப் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியாக மாற்றுகிறது. நான் பயன்படுத்திய IDM-VTON என்ற மென்பொருளில் இது வழக்கமாக 30 சுற்றுகளில் நடக்கும். 2024இல் தென்கொரியாவின் கைஸ்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டது அது. மூட்டுகள் எங்கே இருக்கின்றன, உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் தனியாகக் கணித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கை மடங்கியிருந்தாலும் துணி ஓரளவு சரியாக மடிகிறது.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது, கணினிக்கு இதைக் கற்றுக்கொடுத்த விதம். ஒரே பெண் டி-ஷர்ட்டிலும் பிறகு குர்தாவிலும், அதே நிலையில் அதே வெளிச்சத்தில் நிற்கும் படங்கள் ஆயிரக்கணக்கில் எங்கே கிடைக்கும்? கிடைக்காது. அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். துணிக்கடைத் தளங்களில் ஒரு சட்டையின் தனிப்படமும், அதே சட்டையை மாடல் போட்டிருக்கும் படமும் சேர்ந்தே இருக்கும். மாடல் படத்தில் சட்டையை அழித்துவிட்டு, தனிப்படத்தைக் காட்டி, "அழித்ததைத் திரும்ப வரை" என்று பயிற்சி கொடுத்தார்கள். விடை கையிலேயே இருப்பதால் திருத்துவதும் சுலபம். IDM-VTON இப்படிப் பயின்ற தொகுப்பில் 13,679 ஜோடிப் படங்கள். அத்தனையும் கேமராவைப் பார்த்து நிற்கும் பெண்கள், உடுத்தியிருப்பது மேல்சட்டைகள். முட்டிவரை வரும் ஒரு குர்தாவை அது அந்தத் தொகுப்பில் சந்தித்திருக்கவே வழியில்லை.

இந்த விவரம் தெரியாமல்தான் முதல்நாள் உட்கார்ந்தேன். இரண்டு படங்களையும் ஏற்றி, தானாக மாஸ்க் போடும் வசதியை இயக்கிவிட்டேன். எந்த இடத்தை அழிக்க வேண்டும் என்று குறிக்கும் சாம்பல் திட்டுக்குத்தான் மாஸ்க் என்று பெயர். ஒரு நிமிடத்துக்குள் படம் வந்தது. நீலம் சரி, கழுத்து சரி, பொத்தான்கூட ஐந்து. ஆனால் குர்தா இடுப்போடு நின்றுவிட்டது. கீழே வரவேண்டிய பார்டர் இடுப்பைச் சுற்றி பெல்ட் போல ஒட்டியிருந்தது. அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். "சித்தப்பா, பாதிக் குர்தாவைக் காணோம்" என்று பதில் வந்தது.

காரணம் எளிது. மாஸ்க் போடும் பகுதி, படத்திலிருக்கும் பழைய உடையைப் பார்த்துத்தான் அழிக்கிறது. டி-ஷர்ட் இடுப்போடு முடிந்தது. மாஸ்க்கும் அங்கேயே முடிந்தது. மாஸ்க்குக்கு வெளியே ஒரு கோடுகூட வரைய இந்த மென்பொருளுக்கு உரிமையில்லை. 96 சென்டிமீட்டர் குர்தாவை 60 சென்டிமீட்டர் இடத்துக்குள் அடக்கச் சொன்னால் அது என்ன செய்யும், பார்டரை இடுப்புக்கு ஏற்றிவிட்டது.

இரண்டாவது நாள் வேறொரு மென்பொருளில் முழு உடை என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். இந்தத் துறையின் வகைப்பாட்டில் ஆடைகள் மொத்தம் மூன்று: மேல் உடை, கீழ் உடை, மேலும் கீழும் ஒன்றான கவுன். உலகத்தில் இவ்வளவுதான் துணி என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். குர்தா மேல் உடையின் வேலையைக் கவுனின் நீளத்தில் செய்வது, அதற்குக் கீழே இன்னொரு உடையும் உண்டு. முழு உடை என்று சொன்னதும் மாஸ்க் ஜீன்ஸையும் சேர்த்து அழித்துவிட்டது. கவுனுக்குக் கீழே என்ன இருக்கும் என்று கணினிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெறுங்கால். படத்தில் குர்தாவின் நீளம் சரியாக வந்திருந்தது. அதற்குக் கீழே ஜீன்ஸ் போய், முழுக்கால் தெரிய எங்கள் வீட்டுப் பெண் நின்றாள். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாமல் அழித்தேன்.

ஆக, மாஸ்க்கைக் கையால் வரைவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்றாவது நாள் தானியங்கி மாஸ்க்கை நிறுத்திவிட்டு, தூரிகையை எடுத்துக்கொண்டேன். குர்தாவுக்காக இந்த வேலையில் இறங்குகிற யாரும் கற்றுக்கொள்ள வேண்டியது இந்தக் கட்டம்தான் என்பது என் அபிப்பிராயம்.

டி-ஷர்ட்டின் ஓரத்தை ஒட்டி, மயிரிழை பிசகாமல் நான் முதலில் தீட்டினேன். நல்ல பிள்ளையாக வேலை செய்ததாக நினைப்பு. வந்த குர்தா டி-ஷர்ட்டின் வடிவத்திலேயே உடம்பைப் பிடித்துக்கொண்டு வந்தது. மாஸ்க்கின் வடிவத்தை கணினி துணியின் வடிவமாக எடுத்துக்கொள்கிறது. பழைய உடையின் நிழல் மாஸ்க்கில் இருந்தால் புதிய உடையிலும் அது வந்துவிடும். மாஸ்க் தாராளமாக இருக்க வேண்டும். உடம்பின் இரண்டு பக்கமும் நாலு விரல் கூடுதலாக, சுவரையும் கொஞ்சம் சேர்த்தே தீட்டலாம். சுவரை அது திரும்ப வரைந்துகொள்ளும். கைகளை முக்கால் கை முடியும் இடம்வரை தீட்டவேண்டும். உள்ளங்கையையும் விரல்களையும் தொடக்கூடாது. விரலை அழித்தால் அது புது விரல் போடும், எண்ணிக்கைக்கு உத்தரவாதமில்லை.

அடுத்தது நீளம். கீழே எதுவரை தீட்டுவது? முட்டியைத் தாண்டிக் கெண்டைக்கால்வரை குத்துமதிப்பாகத் தீட்டினேன். குர்தா சொன்னபடி கெண்டைக்கால்வரை இறங்கியது. இன்னும் மேலே நிறுத்தியிருந்தால் மேலேயே நின்றிருக்கும். கதவில் எடுத்த படத்தில் நீளம் எவ்வளவு என்று கணினிக்குத் தெரிய வழியே இல்லை. பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தாலும் அது படிக்காது. படத்தில் குர்தா எங்கே முடிகிறது என்பதை முடிவு செய்தது என் தூரிகை.

அப்படியானால் உண்மையான நீளத்தைக் கணக்குப் போட்டே தீட்டலாமே என்று தோன்றியது. அண்ணியிடம் அளக்கச் சொன்னேன். தோளிலிருந்து 38 அங்குலம், அதாவது 96.5 சென்டிமீட்டர். பெண்ணின் உயரம் 165 சென்டிமீட்டர். படத்தில் உச்சந்தலையிலிருந்து பாதம்வரை 900 பிக்சல். 900ஐ 165ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு சுமார் ஐந்தரை பிக்சல். அதை 96.5ஆல் பெருக்கினால் 526. தோளிலிருந்து 526 பிக்சல் கீழே ஒரு கோடு போட்டேன். அது முட்டிக்கு மூன்று விரல் கீழே விழுந்தது. மாஸ்க்கை அந்தக் கோட்டோடு நிறுத்தினேன். படம் எடுக்கும்போது போனை நெஞ்சு உயரத்தில் பிடித்து, பத்தடி தள்ளி நின்றிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த படத்தில் கால் குட்டையாகிவிடும், கணக்கும் கூடவே கெடும்.

சைடு ஓப்பன் கடைசிவரை மல்லுக்கட்டியது. குர்தாவின் ஓப்பன் வழியே ஜீன்ஸின் ஒரு கீற்று தெரியவேண்டும். ஆனால் அந்த இடம் மாஸ்க்குக்குள் இருக்கிறது. அங்கே ஜீன்ஸ் இருந்தது என்பதையே கணினி மறந்துவிட்டது. சில முறை ஓப்பனையே தைத்து மூடி, குர்தாவை ஃபிராக் ஆக்கியது. ஒருமுறை கீற்றில் தோல் நிறம் வைத்தது. உடையைப் பற்றிச் சில சொற்கள் எழுத ஒரு பெட்டி அந்த மென்பொருளில் உண்டு. அதில் முக்கால் கை, முட்டிவரை நீளம், இரு பக்கமும் ஓப்பன் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் திருந்தியது. பிறகு மாஸ்க்கிலேயே தொடையின் இரு ஓரத்திலும் ஒரு மெல்லிய கீற்றை, இரண்டு விரல் அகலத்துக்கு, தீட்டாமல் விட்டேன். அசல் ஜீன்ஸ் அங்கே அப்படியே இருந்தது. துணி அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது, ஓப்பன் பிறந்தது. சொல்லிப் புரியவைப்பதைவிட இடத்தை விட்டுவைப்பது இந்த வேலையில் பலமுறை பலித்தது.

இவ்வளவும் முடிந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், புட்டாக்கள் புட்டாக்களாக இல்லை. கதவில் தொங்கும் குர்தாவில் ஒவ்வொரு புட்டாவும் ஒரு குட்டிப் பூ: ஐந்து இதழ், ஒரு காம்பு. படத்தில் வெள்ளைப் பொட்டு மாதிரி இருந்தது. சில இடங்களில் இரண்டு பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

இங்கேதான் பேனர் ஓவியரின் கட்டம் திரும்ப வருகிறது. இந்த மென்பொருள் முழுப் படத்திலும் ஒவ்வொரு பிக்சலாக வேலை செய்வதில்லை. அப்படிச் செய்தால் சாதாரணக் கணினி தாங்காது. படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்துக்கொண்டு, அந்தச் சுருக்கத்தில்தான் வரைகிறது, முடிந்தபிறகு விரிக்கிறது. 768க்கு 1024 பிக்சல் படம் 96க்கு 128 கட்டங்களாகிவிடும். எட்டுக்கு எட்டு பிக்சல் ஒரு கட்டம். நம் கணக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்தரை பிக்சல். ஒன்றரை சென்டிமீட்டர் புட்டாவுக்கு எட்டு பிக்சல். ஒரு பூ முழுவதும் ஒரே ஒரு கட்டத்துக்குள் அடங்கிப்போகிறது. ஒரு கட்டத்துக்குள் ஐந்து இதழையும் காம்பையும் எந்த ஓவியர்தான் வரைவார்? பார்டர் நான்கு விரல் அகலம் என்பதால் அதற்கு ஐந்து கட்டம் கிடைத்தது; அதிலிருந்த கொடி ஓரளவு கொடியாகவே வந்தது.

இதற்கு ஒரே வைத்தியம், குர்தாவுக்குப் படத்தில் அதிக இடம் கொடுப்பது. உச்சந்தலை முதல் பாதம்வரை என்றில்லாமல், கழுத்துக்கு மேலிருந்து முட்டிக்குச் சற்றுக் கீழ்வரை படத்தை வெட்டிக் கொடுத்தேன். இப்போது சுமார் 115 சென்டிமீட்டர்தான் படத்தின் மொத்த உயரம். ஒரு பூவுக்கு 13 பிக்சல் கிடைத்தது. இதழ்கள் பிரிந்து தெரிந்தன, எண்ண முடியாவிட்டாலும். பிறகு அதைப் பழைய படத்தில் பொருத்தினேன். லக்னோ சிகன் வேலைப்பாடு போல வெள்ளையில் வெள்ளை நூல் ஓடும் குர்தாவுக்கு இதுவும் போதாது. அந்த நூல் வேலை வெறும் வெள்ளைத் துணியாகிவிடும். போதாக்குறைக்கு கணினி தானாக ஒரு பூ வேலையைக் கற்பனையில் போட்டுத் தந்தாலும் தரும். அது பார்க்க அழகாக இருக்கும், விற்கிற குர்தாவில் இருக்காது.

கற்பனையைப் பிடிக்க ஒரு வழி உண்டு. தொடக்கத்தில் நிரப்பும் புள்ளிக் கூட்டத்தை ஒரு எண் தீர்மானிக்கிறது. seed என்று திரையில் இருக்கும். வேறெதையும் மாற்றாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றி நான்கு முறை ஓடவிட்டு, நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நீலம், கழுத்து வெட்டு, பார்டரின் நிறம் நான்கிலும் ஒன்றே. அவை கதவுப் படத்திலிருந்து வந்தவை. பொத்தான் இரண்டில் ஐந்து, ஒன்றில் ஆறு, ஒன்றில் நான்கு. கையின் முடிவில் ஒரு படத்தில் பைப்பிங் இருந்தது, மற்றவற்றில் இல்லை. நான்கும் ஒத்துப்போகாத இடமெல்லாம் கணினியின் ஊகம். பொத்தான் விஷயத்தில் என் தப்பும் இருந்தது. கதவுப் படத்தில் குர்தாவின் முன்பட்டி மடிந்து, கடைசிப் பொத்தான் பாதி மறைந்திருந்தது. கையின் முனையோ உள்பக்கம் சுருண்டிருந்தது. தெரியாததை அது ஊகிக்காமல் என்ன செய்யும்?

அண்ணியைத் திரும்பப் படம் எடுக்கச் சொன்னேன். இஸ்திரி போட்டு, வெள்ளைச் சுவரில், காலை நிழல் வெளிச்சத்தில், கைகளை உடலிலிருந்து விலக்கி, பார்டர் முழுவதும் தெரிய. டியூப்லைட்டில் எடுத்த முதல் படத்தில் இண்டிகோ நீலம் கொஞ்சம் பச்சை அடித்திருந்தது. கணினி அதையும் விசுவாசமாக எடுத்துப்போட்டிருந்தது. பெண்ணிடமும் பின்னலைப் பின்னால் போட்டுக்கொள், கையில் போன் வேண்டாம், உடம்பைத் தொடாமல் கையை இறக்கி நில் என்று சொல்லி வேறு படம் வாங்கினேன். முன்னால் கிடந்த பின்னல் மாஸ்க்கில் அழிந்து, திரும்ப வந்தபோது விரித்த கூந்தலாகியிருந்தது. "நான் எப்ப சித்தப்பா தலைய விரிச்சுப் போட்டேன்?" என்று கோபம் வேறு. துப்பட்டாவோ தாவணியோ போட்ட படமும் ஆகாது. மாஸ்க் தவறவிட்ட துண்டு ஒன்று புது உடையின் தோளில் ஒட்டிக்கொண்டே நிற்கும். இன்னொன்று, படம் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் இருக்கவேண்டும். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் போல ஒடுங்கிய நீளப் படத்தை அப்படியே கொடுத்தால், மென்பொருள் அதைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பும். ஒல்லியான பெண் ஒரே நிமிடத்தில் குண்டாகிவிடுவாள்.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு வரி எழுதினால் போதுமே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2025 செப்டம்பரில் கூகுளின் ஜெமினி செயலியில் எல்லாரும் பழைய சினிமா பாணிச் சேலையில் தங்களைப் பார்த்துக்கொண்டார்களே, அந்த வகை மென்பொருள்களில் மாஸ்க் எதுவும் வேண்டாம். இரண்டு படத்தையும் கொடுத்து இப்படிச் சொன்னால் போதும்:

"முதல் படத்தில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டாவது படத்தில் உள்ள குர்தாவை அணிவி. முகம், கூந்தல், கைவிரல், ஜீன்ஸ், பின்னணி எதையும் மாற்றாதே. குர்தா முட்டிக்கு மூன்று விரல் கீழே முடியவேண்டும். இரு பக்கமும் ஓப்பன் தெரியவேண்டும். பொத்தான் ஐந்து."

குர்தா என்றால் என்ன என்று இவற்றுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் நீளமும் ஓப்பனும் முதல் தடவையே ஓரளவு சரியாக வந்தன. ஆனால் இவை படம் முழுவதையும் திரும்ப வரைகின்றன, முகம் உட்பட. எங்கள் பெண்ணின் மூக்கு ஒரு நூல் சிறுத்து, தோல் ஒரு பூச்சு வெளுத்து வந்தது. அண்ணி படத்தை உடனே தள்ளிவிட்டார்: "இது யார் வீட்டுப் பொண்ணு?" மாஸ்க் முறையில் இந்த ஆபத்து குறைவு, தீட்டாத இடத்தில் அசல் பிக்சலையே திரும்ப வைத்துவிடலாம். எழுதிச் சொல்லும் முறையில் முகம் மாறினால், அசல் படத்திலிருந்து கழுத்துக்கு மேலே வெட்டி எடுத்துப் புதிய படத்தின்மேல் பொருத்துவதுதான் தப்பிக்கும் வழி. படத்தின் சட்டகம் நகராமல் இருந்தால் அது பொருந்தும். அசலையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாறிமாறித் தட்டிப் பாருங்கள். கண் துள்ளினால் முகம் நகர்ந்திருக்கிறது.

அண்ணிக்கு நான் படத்தைக் கொடுத்தபோது இரண்டு நிபந்தனையும் சேர்த்துக் கொடுத்தேன். IDM-VTON போன்றவற்றை ஆராய்ச்சிக்கும் சொந்த உபயோகத்துக்கும்தான் இலவசமாக விட்டிருக்கிறார்கள், அதன் உரிமத்தில் வணிகத்துக்கு அனுமதி இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், விளம்பரத்துக்கு வேண்டுமென்றால் வணிக அனுமதி உள்ள சேவையைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். இரண்டாவது, வாடிக்கையாளர் படத்தை அவர் கேட்காமல் எடுத்து எந்த உடையும் மாட்டிப் பார்க்கக்கூடாது. ஜீன்ஸை அழித்து வெறுங்கால் போட ஒரு மென்பொருள் தயங்கவில்லை என்பதை நானே பார்த்துவிட்டேன். இணையத்தில் பொருள் விற்பவர்களின் விளம்பரம், பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்கவேண்டும் என்று 2020இல் வந்த மின்வணிக விதிகளும் சொல்கின்றன. அதனால் அண்ணி இப்போது வரைந்த படத்துக்குப் பக்கத்தில் கதவுப் படத்தையும் போட்டு, இது கம்ப்யூட்டர் வரைந்தது என்று எழுதி, நீளத்தையும் மார்புச் சுற்றளவையும் அங்குலத்தில் குறிக்கிறார்.

மார்புச் சுற்றளவைக் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நீளத்துக்குக் கணக்கு இருந்தது, சுற்றளவுக்கு எந்தக் கணக்கும் கிடைக்கவில்லை. எம் சைஸ் குர்தாவைக் கதவில் மாட்டினாலும் டபுள் எக்ஸ்எல்லை மாட்டினாலும், கணினி இரண்டையும் அந்தப் பெண்ணின் உடம்புக்குக் கச்சிதமாகத்தான் வரைந்து தருகிறது. அது பயின்ற மாடல்கள் எல்லாம் அளவான சட்டை போட்டவர்கள்.

தீபாவளிக்கு அந்த நீலக் குர்தாவையே அண்ணன் மகள் உடுத்தினாள். படத்தில் போட்ட கோட்டுக்கு ஒரு விரல் முன்னே பின்னே, முட்டிக்குக் கீழேதான் நின்றது. மார்பில் மட்டும் இரண்டு அங்குலம் தொளதொள. தெருமுனைத் தையல்காரர் இரண்டு பக்கமும் அரை அங்குலம் பிடித்துக் கொடுத்தார். கூலி 60 ரூபாய்.